எக்ஸ்போர்ட் "கம்ப்ளீட்டட்"னு காட்டுது, ஆனா பாதி டேட்டா இல்ல – பில்லிங் சாஃப்ட்வேர் வச்சிருக்கவங்க கொஞ்சம் பாத்துக்கோங்க

நான் ஒரு மருந்து மொத்த விற்பனை கம்பெனில ஆபரேஷன்ஸ் மேனேஜர். பில்லிங், ஸ்டாக் ரெண்டுக்கும் ஒரு கிளவுட் சாஃப்ட்வேர்தான், வருஷ சந்தா. அதுல தினமும் ராத்திரி அந்த மாசம் 1-ஆம் தேதில இருந்து அன்னைக்கு வரைக்கும் போட்ட எல்லா பில்லோட ஒவ்வொரு ஐட்டமும் ஒரு சிஎஸ்வி ஃபைலா எங்க ஃபோல்டர்ல வந்து விழும். அக்கவுண்ட்ஸ்ல ஜிஎஸ்டி வேலையும் பர்ச்சேஸ்ல ஆர்டர் போடுறதும் எல்லாமே அந்த ஃபைல வச்சுதான்.

சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க ஒரு அப்டேட் போட்டாங்க. அதுக்கப்புறம் ஃபைல் வராம நின்னிருந்தா மறுநாளே பிடிச்சிருப்போம். நிக்கல, கரெக்ட் பேர்ல கரெக்ட் டைம்ல வந்துச்சு, ஸ்கிரீன்ல பச்சைல "Completed"னு காட்டுச்சு, ஆனா உள்ள 10,000 வரியோட முடிஞ்சு போச்சு. எங்களுக்கு மாசம் சுமார் 18,000 வரி வரும், அதனால பதினஞ்சு தேதி வரைக்கும் ஃபைல்ல ஒரு குறையும் கிடையாது, அதுக்கப்புறம் வர்ற பில் மட்டும் சத்தமில்லாம விட்டுப் போகுது. இதுதான் இதுல ஆபத்தே.

பல தடவை டிக்கெட் போட்டும் ஒண்ணும் நடக்கல, கடைசில நான் அனுப்புன லெட்டர் இது. பேரெல்லாம் எடுத்துட்டேன், மத்தபடி அப்படியே போடுறேன்.

"வணக்கம் சார்,

தினசரி சேல்ஸ் எக்ஸ்போர்ட் பத்தி உங்க சப்போர்ட் டீம் ஒவ்வொரு தடவையும் 'எங்க சைடுல சக்சஸ்னுதான் இருக்கு, உங்க எக்செல்ல செக் பண்ணுங்க'ன்னு சொல்லி டிக்கெட்ட மூடிடறாங்க. எக்செல் ஒரு ஷீட்ல பத்து லட்சம் வரிக்கு மேல எடுக்கும் சார், பத்தாயிரத்துல நிக்காது. நாங்க ஃபைல எக்செல்ல திறக்காமலே எண்ணிப் பாத்தோம்.

```
wc -l sales_lines.csv
10001 sales_lines.csv
```

தலைப்பு வரி போக சரியா 10,000. 17-ஆம் தேதி வந்த ஃபைலும் மாசக் கடைசில வந்த ஃபைலும் சைஸ்ல ஒரு பைட் கூட வித்தியாசம் இல்ல. கடைசி வரி 16-ஆம் தேதி பில் ஒண்ணுல நிக்குது, அந்த பில்லுல ஏழு ஐட்டம் இருக்கு, ஃபைல்ல மூணுதான் வந்திருக்கு. ஒரு பில்லோட நடுவுல வெட்டுனா அது ஃபில்டர் பிரச்சினையோ தேதி பிரச்சினையோ கிடையாது, எங்கயோ எண்ணிக்கைக்கு லிமிட் இருக்கு. அப்டேட்டுக்கு முன்னாடி இதே ஃபைல் முழுசா வந்துட்டு இருந்துச்சு.

இதால என்ன ஆச்சுன்னு சொல்றேன். எங்க பர்ச்சேஸ் ஷீட் மாச விற்பனைய நாளால வகுத்து சராசரி எடுக்கும். விற்பனை அதே இடத்துல நிக்க நாள் மட்டும் ஏறுனதால சராசரி தினமும் கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு, சட்டுனு விழுந்திருந்தா யாராவது கேட்டிருப்பாங்க. மாசக் கடைசில மெட்ஃபார்மின், டெல்மிசார்டன் மாதிரி தினமும் ஓடுற மாத்திரைக்கே ஆர்டர் கம்மியா போய், கடைக்காரங்க கேட்டப்ப இல்லன்னு சொல்ல வேண்டியதாச்சு. சுகருக்கும் பிரஷருக்கும் ஒரு நாள் விடாம சாப்பிடுறவங்களுக்குப் போற மாத்திரை சார் அது.

ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாசம் 11-ஆம் தேதிக்குள்ள போடணும். எங்களுக்கு இ-இன்வாய்ஸ் இருக்கறதால போர்ட்டல்ல பில் தானா ஏறிடும், அந்தத் தொகையையும் உங்க ஃபைல் தொகையையும் ஒப்பிடுறப்பதான் கிட்டத்தட்ட பாதி இல்லன்னு அக்கவுண்ட்ஸ்ல பிடிச்சாங்க. இ-இன்வாய்ஸ் இல்லாத சின்ன கஸ்டமர் யாராவது உங்ககிட்ட இருந்தா அவங்க குறைச்சுக் காட்டியே ரிட்டர்ன் போட்டிருப்பாங்க. அவங்களுக்கும் நீங்க தகவல் சொல்லணும்.

இவ்வளவுக்கும் அப்புறம் உங்க சேல்ஸ் ஆள் போன் பண்ணி 'பெரிய எக்ஸ்போர்ட் மேல் பிளான்லதான் வரும், அப்கிரேட் பண்ணிடுங்க'ன்னு சொல்றார். நம்ம அக்ரிமெண்ட் இணைப்புல 'முழு டேட்டா எக்ஸ்போர்ட்'னு எழுதியிருக்கு, வரி லிமிட்னு ஒரு வார்த்தை இல்ல. எங்க பில்ல எங்களுக்கே தர்றதுக்கு தனியா காசு கொடுக்க மாட்டோம்.

எங்களுக்கு வேண்டியது: அப்டேட்டுக்கு அப்புறம் வந்த மாச ஃபைல்கள முழுசா திரும்பக் கொடுங்க, என்ன காரணம்னு எழுத்துல கொடுங்க, இனிமே ஒவ்வொரு ஃபைலோடயும் மொத்த வரி எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் உங்க மெயின் டேட்டாபேஸ்ல இருந்து எடுத்து தனியா அனுப்புங்க, அந்த எண்ணிக்கை ஃபைலோட ஒத்துவரலன்னா 'Completed'னு காட்டாதீங்க, 'Failed'னு காட்டுங்க."

லெட்டர் அவங்க டைரக்டருக்கும் போனதால அதுக்கப்புறம்தான் ஒரு டெவலப்பர் லைன்ல வந்தார். நல்ல மனுஷன், மறைக்காம சொன்னார். ரிப்போர்ட் வேகமா வரணும்னு அப்டேட்ல எக்ஸ்போர்ட்ட டேட்டாபேஸ்ல இருந்து எலாஸ்டிக்சர்ச்ங்கற தேடல் சாஃப்ட்வேருக்கு மாத்தியிருக்காங்க. அதுல ஒரு தேடலுக்கு முதல் 10,000 முடிவு வரைக்கும்தான் பக்கம் பக்கமா எடுக்க விடும், `index.max_result_window`ன்னு செட்டிங், மெமரி தீர்ந்துடக் கூடாதுன்னு வேணும்னே வச்ச லிமிட் அது. இவங்க 500 வரி 500 வரியா எடுக்கறாங்க, பத்தாயிரம் தாண்டி அடுத்த பக்கம் கேட்டதும் அது இப்படிச் சொல்லியிருக்கு:

```
Result window is too large, from + size must be
less than or equal to: [10000] but was [10500]
```

அது தெளிவா எரர் கொடுத்திருக்கு பாருங்க. இவங்க புரோகிராம் அந்த எரர விழுங்கிட்டு, இனிமே வரி இல்ல போலன்னு ஃபைல மூடி சக்சஸ்னு எழுதிடுச்சு. லிமிட்ட ஏத்துறது சரியான வழி இல்லையாம், கடைசியா வந்த வரில இருந்து தொடர்ந்து எடுக்கற `search_after` முறைக்கு மாத்தணுமாம். அந்த வேலைக்கும் மேல் பிளானுக்கும் சம்பந்தமே கிடையாது, அங்கயும் அதே கோடுதான் ஓடுதுன்னு அவரே சொன்னார். அப்ப அந்த சேல்ஸ் ஆள் எத வச்சு காசு கேட்டார்? காசு கட்டியிருந்தாலும் அதே பாதி ஃபைல்தான் வந்திருக்கும். எனக்கு பக்கே பெரிசில்ல, பக் யார்கிட்டயும் வரும், இத பிளான்னு சொல்லி விக்கப் பாத்ததுதான் ஆறவே இல்ல.

உங்ககிட்டயும் இப்படி தானா வர்ற ஃபைல் இருந்தா மாசக் கடைசி ஃபைல எடுத்து வரிய எண்ணுங்க. 1,000, 5,000, 10,000, 50,000னு முழு எண்ணா வந்தா சந்தேகப்படுங்க. அடுத்தடுத்த ரெண்டு நாள் ஃபைல் சைஸ் ஒண்ணா இருந்தாலும் அப்படித்தான். கடைசி பில்ல ஸ்கிரீன்ல திறந்து ஐட்டம் எல்லாம் ஃபைல்ல இருக்கான்னு பாருங்க. சரி பண்றவரைக்கும் நாங்க ஒரு வாரம் ஒரு வாரமா தேதி பிரிச்சு கையால எடுத்தோம், வாரத்துக்கு 5,000 தாண்டாதுங்கறதால முழுசா வந்துச்சு, உங்களுக்கு விற்பனை ஜாஸ்தின்னா ஒரு ஒரு நாளா பிரிங்க.

இப்ப ஃபைல் முழுசா வருது. பழைய மாச ஃபைல்களும் வந்துடுச்சு, எண்ணிக்கை தனியா அனுப்பறத மட்டும் இன்னும் பண்ணல, அடுத்த ரிலீஸ்ல வரும்ங்கறாங்க. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு வருஷாந்திர ரிட்டர்ன் கடைசி தேதில இருந்து 72 மாசம் வச்சிருக்கணும், அது மொத்தமும் இவங்க சர்வர்லதான் கிடக்குது. அதனால ஆரம்பத்துல இருந்து இருக்கற முழு டேட்டாவையும் கேட்டிருக்கேன், அது வந்து நாங்க எண்ணிப் பாத்து சரியா இருந்தாத்தான் ரின்யூவல்னு சொல்லியாச்சு.