பழைய ஆன்டிவைரஸை வேரோடு எடுத்த பிறகு: ஓராண்டு அனுபவம்

தண்டையார்பேட்டையில் என் மச்சான் நடத்தும் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், சாதாரண ஹார்ட் டிஸ்க். நாள் முழுக்க யார் யாருடைய பென் டிரைவோ ஏறும் கம்ப்யூட்டர் என்பதால், ஆன்டிவைரஸ் இல்லாமல் அங்கே முடியாது.

போன வருஷம் பழையதின் சந்தா முடிந்தது. சர்வீஸுக்கு வந்தவர் கன்ட்ரோல் பேனலில் அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, வேறு கம்பெனியுடையதைப் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து தொல்லை. "மாமா, பென் டிரைவைச் சொருகிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் ஃபோல்டர் திறக்கல" என்றான் மச்சான். டாஸ்க் மேனேஜரில் எந்த வேலையும் இல்லாதபோதே டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது.

சந்தேகம் வந்து, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதை அடித்தேன்:

```
fltmc
```

ஃபைல்களை இடைமறித்துச் சோதிக்கும் டிரைவர்களின் பட்டியல் வரும். அதில் Altitude என்ற பத்தியைப் பாருங்கள். ஆன்டிவைரஸ்களுக்கு ஒதுக்கியது 32 என்று தொடங்கும் ஆறிலக்க எண். WdFilter, 328010 என்றிருந்தால் அது விண்டோஸின் சொந்த டிஃபெண்டர். எங்கள் பட்டியலில் புதியதின் டிரைவரோடு, போய்விட்டதாக நினைத்த பழையதின் டிரைவரும் இருந்தது. ஒரு ஃபைலைத் திறந்தால் இரண்டு பேரும் வரிசையாகச் சோதித்தார்கள். ஹார்ட் டிஸ்க் திணறாமல் என்ன செய்யும்?

இந்த டிரைவர் ஃபைலைக் கையால் அழிக்கப் பார்க்காதீர்கள். ரிஜிஸ்ட்ரியில் அதன் பதிவு அப்படியே நிற்கும், விண்டோஸ் ஏறாமலே போகலாம். பெரும்பாலான கம்பெனிகள் இதற்கென்றே தனி ரிமூவல் டூல் தருகின்றன. பழைய கம்பெனியின் சொந்த இணையதளத்திலிருந்து அதை முதலில் இறக்கினேன். புதியதின் லைசென்ஸ் கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதையும் அன்இன்ஸ்டால் செய்தேன். அப்புறம் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட், Troubleshoot, Advanced options, Startup Settings, Restart, F4 என்று போய் சேஃப் மோடில் டூலை ஓட்டினேன். சாதாரணமாக ஓடும்போது பழையது தன்னைத் தானே காத்துக்கொண்டு அழிய மறுக்கும், அதனால்தான் சேஃப் மோட். அங்கே சில சமயம் பின் நம்பர் எடுபடாது, அக்கவுண்ட் பாஸ்வேர்ட் தெரிந்திருக்க வேண்டும். பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயும் கையில் இருக்கட்டும்.

ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி fltmc. பழைய பெயர் காணோம். டிஃபெண்டர் தானாக எழுந்திருந்தது, ஆகவே இடைவெளியில் கம்ப்யூட்டர் பாதுகாப்பில்லாமல் கிடக்கவில்லை. அதன் பிறகே புதியதைப் போட்டேன்.

இன்று வரை பென் டிரைவ் சொருகினதும் திறக்கிறது, சும்மா இருக்கும்போது டிஸ்க் அடங்கியிருக்கிறது. காலையில் ஆன் செய்தால் மட்டும் இன்னும் மெதுவாகத்தான் எழுகிறது. அது பழைய ஹார்ட் டிஸ்கின் வேகம், எஸ்எஸ்டி போட்டால்தான் தீரும்.