பால் பை: வசனமா, காட்சியா?

மயிலாப்பூர் அடுக்குமாடி. இரண்டு நாள் ஊரில் இல்லை என்கிறார் சித்தப்பா. உண்மையில் வீட்டுக்குள்தான் இருந்தார். 12 நிமிடக் குறும்படத்தில் இதற்கான துப்பை, அதாவது அவர் கதவில் தொங்கும் பால் பை காலியாக இருப்பதை, எப்படி விதைப்பது?

வேலைக்கார அக்காவை "நேத்து பால் எடுத்துட்டீங்களே" என்று சொல்ல வைப்பது சுலபம். ஆனால் பார்க்கிறவர் அங்கேயே உஷாராகிவிடுவார்.

என் ஓட்டு காட்சிக்குத்தான். எதிர்வீட்டுக் கதவுப் பையில் பால் பாக்கெட் பிதுங்குகிறது. சித்தப்பா தன் கதவில் தொங்கும் பையை ஒதுக்கிப் பூட்டைத் திறக்கிறார்; சாவி நழுவி விழுகிறது. நம் கண் சாவியோடு போய்விடும். பை தட்டையாக இருந்தது இரண்டாம் முறைதான் உறைக்கும். பைக்கு க்ளோசப் வைத்தால் போச்சு, காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு ஓட்டை இருக்கிறது: பாலை நிறுத்தச் சொல்லியிருக்கலாமே? அதனால் முதல் காட்சியிலேயே பால் போடும் பையன், "சார் வீட்டுக்கு ஒருநாளும் விடாம பால் போட்டேன்" என்று லிஃப்ட் வாசலில் கணக்கு சொல்லட்டும்.