உயரத்தையும் நிலையையும் சேர்த்து அனுப்புவதா, -1 போதுமா? சமநிலைச் சோதனைக்கு மூன்று வழிகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் பசுந்தேயிலை கொண்டுவரும் சிறு விவசாயிகளின் கணக்கை வைத்திருக்கும் நிரல் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். அதில் உறுப்பினர் எண்கள் ஓர் இரும தேடல் மரத்தில் இருக்கின்றன. இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரை என்று வரிசையாகப் பட்டியல் கேட்பது அங்கே வழக்கம் என்பதால், பைத்தானின் டிக்‌ஷனரியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எண்கள் உறுப்பினர்கள் சேர்ந்த வரிசையில் கொடுக்கப்பட்டவை. பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து அப்படியே ஏற்றினால், ஒவ்வொரு எண்ணும் முந்தையதைவிடப் பெரிதாக இருப்பதால் வலப்பக்கமே போய்த் தொங்கும். மரம் என்ற பெயரில் ஒரு சங்கிலிதான் கிடைக்கும். ஆகவே ஏற்றி முடித்தவுடன் மரம் உயரச் சமநிலையில் இருக்கிறதா என்று பார்க்கும் செயற்கூறு ஒன்று தேவைப்பட்டது. அதை எழுத மூன்று வழிகள் இருந்தன. நான் மூன்றாவதைத் தேர்ந்தேன். இந்த அலசலும் அதன் பக்கமே சாய்ந்திருக்கும்.

நிபந்தனை எல்லோரும் அறிந்ததுதான். எந்தக் கணுவை எடுத்தாலும் அதன் இடக் கிளையின் உயரமும் வலக் கிளையின் உயரமும் ஒன்றுக்கு மேல் வேறுபடக் கூடாது. 1962-இல் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் முன்வைத்த ஏ.வி.எல். மரத்தின் அடிப்படை இதுவே. வேரில் மட்டும் ஒப்பிட்டுவிட்டு நிறுத்த முடியாது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

முதல் வழி, உயரம் காண ஒரு செயற்கூறு, சமநிலை காண மற்றொன்று என்று பிரித்து எழுதுவது. படிக்க இதைவிடத் தெளிவானது இல்லை. ஆனால் ஒவ்வொரு கணுவிலும் நின்று அதன் கீழுள்ள உயரத்தைப் புதிதாக அளப்பதால், ஆழத்தில் இருக்கும் கணு தன் மூதாதையர் ஒவ்வொருவருக்காகவும் ஒருமுறை எண்ணப்படுகிறது. 15 கணுக்கள் கொண்ட நிறைவான மரத்தில் 49 வருகைகள் ஆகின்றன. 1,023 கணுக்களில் 9,217 ஆகின்றன. ஒரே நடையில் முடித்தால் முறையே 15, 1,023 வருகைகளே போதும். இந்த வழிக்கு எப்போதும் n² ஆகும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். கிளைகளின் விடை எதுவானாலும் இடையில் நிறுத்தாமல், ஒவ்வொரு கணுவிலும் உயரங்களை அளந்து ஒப்பிடும்படி எழுதினால்தான் சங்கிலியில் அந்த அளவுக்குப் போகும். வேரிலேயே உயரங்களை ஒப்பிட்டுவிட்டால், நீண்ட சங்கிலி முதல் ஒப்பீட்டிலேயே சிக்கிவிடும். சில ஆயிரம் உறுப்பினர்கள் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எனவே வேகத்தை வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

மற்ற இரண்டு வழிகளும் ஒரே நடையில் முடிபவை. இரண்டும் கீழிருந்து மேலே வருகின்றன; கணு ஒன்று தன் இரு கிளைகளிடமும் கேட்டு வாங்கிய விடையைக்கொண்டு தன் விடையைத் தயாரித்து மேலே அனுப்புகிறது. எதை அனுப்புகிறது என்பதில்தான் வேறுபாடு. ஒரு வழியில் உயரம் மட்டும் போகிறது. சமநிலை குலைந்திருந்தால் உயரத்தின் இடத்தில் -1 போகிறது. மற்றதில் உயரமும், ‘சரி’ அல்லது ‘சரியில்லை’ என்ற நிலையும் தனித்தனி மதிப்புகளாகச் சேர்ந்து போகின்றன. வேகத்தில் இவற்றுக்குள் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. என் முடிவை நிர்ணயித்தது பராமரிப்பு: ஆறு மாதம் கழித்து வேறொருவர் இந்த நிரலைத் தொடும்போது என்ன நடக்கும் என்ற கேள்வி.

-1 வழியில் எளிதாக நேரக்கூடிய ஒரு பிழையை அருகில் போய்ப் பார்க்கலாம். கீழே உள்ளதில் ஒரே ஒரு சோதனை விடுபட்டிருக்கிறது.

```python
def height(node):
    if node is None:
        return 0
    l = height(node.left)
    if l == -1:
        return -1
    r = height(node.right)
    if abs(l - r) > 1:
        return -1
    return 1 + max(l, r)
```

`r` என்பது -1 ஆக வந்தால் உடனே திரும்ப வேண்டும் என்ற வரி இதில் இல்லை. 101, 102, 103 என்று மூன்று எண்களை வரிசையாக ஏற்றிச் சோதித்தால் விடை சரியாகவே வரும். 103-இன் உயரம் 1, 102-இன் உயரம் 2. 101-க்கு இடப்பக்கம் 0, வலப்பக்கம் 2 என்பதால் -1 திரும்புகிறது. சோதனை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று கணுச் சங்கிலியோடு நிறைவடைந்துவிடுகிறார்கள்.

இப்போது 104-ஐயும் சேர்ப்போம். 104-க்கு 1, 103-க்கு 2, 102-க்கு -1. அந்த -1 மேலே 101-ஐ வந்தடைகிறது. அங்கே இடக் கிளை காலி, அதாவது 0. வலக் கிளையின் ‘உயரம்’ -1. இரண்டுக்கும் வேறுபாடு ஒன்றுதான். நிபந்தனை நிறைவேறிவிடுகிறது, செயற்கூறு 0, -1 இரண்டில் பெரியதான 0-உடன் ஒன்றைக் கூட்டி 1 என்று திருப்பி அனுப்புகிறது. நான்கு கணு நீளச் சங்கிலி, உயரம் 1 கொண்ட சமநிலை மரமாகிவிட்டது. ஐந்து கணுக்களுக்கு 2 வருகிறது, ஆறுக்கு மறுபடி -1, ஏழுக்கு 1. சங்கிலியின் நீளம் மூன்றால் வகுபடும்போது மட்டும் குற்றம் வெளிப்படும். மற்ற நீளங்களில் ‘சரி’ என்றே விடை வரும். பேரேட்டை வரிசையாக ஏற்றும்போது உருவாவது துல்லியமாக இந்த வலப்பக்கச் சங்கிலிதான் என்பதால், எங்கள் பயன்பாட்டில் இது அரிதான விளிம்பு நிலை அன்று.

இதன் காரணம் விடுபட்ட வரியைவிட ஆழமானது. -1 ஓர் எண்; எண்ணோடு எண்ணைக் கழிக்க மொழி தடை சொல்லாது. தேயிலை எடை போடும் பதிவேட்டில், இலை தரமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டதைக் குறிக்க எடைப் பத்தியிலேயே -1 என்று எழுதிவைத்தால், மாதக் கடைசியில் கூட்டுபவர் அதையும் ஒரு கிலோ குறைவாகக் கூட்டிவிட்டுப் போவார். தரத்துக்கென்று தனிப் பத்தி இருந்தால் அந்தக் குழப்பம் வராது. இன்னொரு பக்கமும் உண்டு: காலி மரத்தின் உயரத்தை 0 என்று கொள்பவர்களும், விளிம்புகளை எண்ணி -1 என்று கொள்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் வழக்கத்தில் பழகிய ஒருவர் முதல் `return 0`-ஐ -1 ஆக ‘திருத்தினால்’, காலிக் கிளை என்பதே குற்றமாகி, ஒற்றைக் கணு மரம்கூடச் சமநிலையற்றது என்று விடை வரும். அது உரக்கக் கத்தும் பிழை என்பதால் உடனே தெரிந்துவிடும். முன்னது கத்தாது.

நான் வைத்திருப்பது இது.

```python
def check(node):
    if node is None:
        return 0, True
    lh, lok = check(node.left)
    rh, rok = check(node.right)
    ok = lok and rok and abs(lh - rh) <= 1
    return 1 + max(lh, rh), ok
```

இங்கே உயரம் எப்போதும் உண்மையான உயரமாகவே இருக்கிறது. குலைந்த மரத்துக்கும் அதன் மெய்யான உயரம் கிடைக்கிறது. காலி மரத்தை -1 என்று மாற்றினாலும் இரு பக்கமும் ஒரே அளவு நகர்வதால் விடை மாறாது. `rok` என்பதை யாராவது விட்டுவிட்டால் இதுவும் பொய் சொல்லும் என்பதை மறைக்க வேண்டியதில்லை: இடப்பக்கம் ஏழு கணுக்கள் நிறைந்த கிளையும் வலப்பக்கம் மூன்று கணுச் சங்கிலியும் இருந்தால், உயரம் இரண்டும் 3 என்பதால் ‘சரி’ என்றுவிடும். ஆனால் வாங்கி வைத்த ஒரு மாறி எங்கும் பயன்படாமல் கிடப்பது, நிரலை மறுபார்வை செய்பவரின் கண்ணில் படும். -1 வழியில் அப்படிக் கண்ணில் படுவதற்கு எதுவும் இல்லை. இல்லாத வரியைத்தான் தேட வேண்டும்.

பராமரிப்பில் அடுத்து வருவது, தேவை வளர்வது. ‘குலைந்திருக்கிறது என்றால் போதாது, எந்த எண்ணில் குலைந்திருக்கிறது என்று காட்டு’ என்று தொழிற்சாலைக் கணக்கர் கேட்டார். நிலைக்குரிய இடத்தில் உண்மை, பொய் என்பதற்குப் பதிலாக, முதலில் குலைந்த கணுவையோ, குலையவில்லை எனில் `None`-ஐயோ அனுப்பும்படி மாற்றினால் வேலை முடிந்தது. உயரம் கணக்கிடும் வரியைத் தொடவே வேண்டியதில்லை. மேலே பார்த்த நான்கு எண் சங்கிலியில் 101-உம் 102-உம் குலைந்தவையே என்றாலும், கீழிருந்து வருவதால் 102 முதலில் கிடைக்கும். ஏ.வி.எல். மரமாக இருந்தால் சுழற்சியைத் தொடங்க வேண்டிய இடமும் அதுவே. நாங்கள் சுழற்றுவதில்லை, எண்களை வரிசையாக எடுத்து, நடு எண்ணை வேராக வைத்து மரத்தை மீண்டும் கட்டிவிடுகிறோம். எங்களுக்கு அதுவே மலிவு. -1 வழியில் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, வெளியே ஒரு மாறியை வைத்து அதில் எழுத வேண்டியிருக்கும்.

இரண்டு மதிப்புகளைச் சேர்த்து அனுப்புவதற்கென்று சொந்தமான பொறி ஒன்று உண்டு. பைத்தானில் `if check(root):` என்று எழுதினால், திரும்பி வருவது காலியல்லாத டியூப்பிள் என்பதால், உள்ளே `False` இருந்தாலும் அது எப்போதும் உண்மையாகவே கொள்ளப்படும். அதனால் `check` வெளியே தெரியாமல் இருக்க, `check(root)[1]` என்பதை மட்டும் திருப்பி அனுப்பும் `is_balanced` என்ற சிறு உறை ஒன்றைப் போட்டு, மற்ற இடங்களில் அதையே அழைக்கிறோம்.

மூன்று வழிகளுக்கும் பொதுவான குறை தற்சுழற்சியின் ஆழம். பைத்தானின் இயல்பு வரம்பு 1,000. நன்றாகச் சமநிலையில் உள்ள மரத்தில் பத்து லட்சம் கணுக்கள் இருந்தாலும் ஆழம் 30-ஐத் தாண்டாது. ஆனால் நாம் கண்டுபிடிக்க நினைப்பதே சங்கிலியைத்தான், ஆயிரத்துச் சொச்சம் எண்கள் கொண்ட சங்கிலியிலோ விடைக்குப் பதில் `RecursionError` வந்து நிற்கும். அதையே ‘குலைந்தது’ என்ற விடையாக எடுத்துக்கொள்ளும் சோம்பல் எனக்கும் தோன்றியதுண்டு. அடுக்கு ஒன்றை நாமே வைத்து, கிளைகளை முடித்துவிட்டுக் கணுவுக்கு வரும் வரிசையில் சுற்றை எழுதுவதே முறை. அப்போதும் ஒவ்வொரு கணுவுக்கும் குறித்துவைப்பது உயரமும் நிலையும்தான்.

-1 வழியை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. இடக் கிளை குலைந்திருந்தால் வலக் கிளைக்குள் போகாமலே திரும்புவது அதில் தானாகவே அமைகிறது. என் நிரலில் அதற்குத் தனியே ஒரு வரி சேர்க்க வேண்டும், சேர்த்தால் அந்த உயரத்தை அதன்பின் நம்பக் கூடாது. சி மொழியில் இரண்டு மதிப்புகளை அனுப்ப ஒரு ஸ்ட்ரக்டோ ஒரு சுட்டியோ வேண்டியிருப்பதால், அங்கே -1 எழுதுபவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சி-யில் நீண்ட காலம் ஒரு நிரலைப் பராமரித்த பழக்கம் எனக்கு இல்லை. அதனால் என் தேர்வை அந்த மொழிக்காரர்களுக்கு அப்படியே பரிந்துரைக்கத் தயங்குகிறேன். அவர்கள் -1-ஐயே வைத்துக்கொண்டாலும், நான்கு கணு நீள வலப்பக்கச் சங்கிலியைத் தங்கள் சோதனைகளில் சேர்த்துக்கொள்ளலாம்.