கிளவுட் கமிட்மென்ட்: சராசரியை நம்பி வாங்கிய ஓராண்டு

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்-இல் ஓராண்டுக்கான சேவிங்ஸ் பிளான் ஒன்றை வாங்கி, அதன் காலம் முழுவதும் பயன்படுத்தி முடித்துவிட்டோம். இரண்டாவது முறை வாங்கி ஏழு மாதம் ஆகிறது. இரண்டு முறையும் பழைய பில்களைப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம். ஆனால் முதல் முறை பார்த்த விதம் தவறு. அந்தத் தவறு எந்த அறிக்கையிலும் சிவப்பாகத் தெரியாத வகை என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ஆன்-டிமாண்ட் என்றால் ஓடிய நேரத்துக்கு மட்டும் காசு. கமிட்மென்ட் என்றால், "மணிக்கு இத்தனை டாலர் தருகிறேன்" என்று ஓராண்டுக்கோ மூன்றாண்டுக்கோ வாக்குக் கொடுத்து, பதிலுக்குத் தள்ளுபடி வாங்கிக்கொள்வது; சேவிங்ஸ் பிளான் இந்த வகை. கணக்கு மணிக்கு மணி முடிகிறது. இரவு இரண்டு மணிக்கு மிச்சமான தொகை காலை பத்து மணிக்கு உதவாது. அந்த மணியோடு போய்விடும். மாத பில்லில் இந்த விஷயம் கண்ணுக்கே தெரியாது.

எங்கள் மொத்த பில் மாதம் சுமார் 9,000 டாலர். அதில் ஸ்டோரேஜ், டேட்டா டிரான்ஸ்ஃபர், மலிவாகக் கிடைத்தாலும் எப்போது வேண்டுமானாலும் பறிக்கப்படக்கூடிய ஸ்பாட் சர்வர்கள் எல்லாம் இந்தத் திட்டத்துக்குள் வராது. அவற்றைக் கழித்தால் சர்வர்களுக்கான ஆன்-டிமாண்ட் செலவு சுமார் 5,250. ஆறு மாத பில்களை எடுத்தோம். அதில் ஒரு மாதம் பழைய அமைப்பும் புதிய அமைப்பும் சேர்ந்து ஓடியதால் செலவு வீங்கியிருந்தது. அந்த மாதத்தை ஒதுக்கிவிட்டு மீதி ஐந்துக்கும் சராசரி போட்டு, மாதத்துக்கு 730 மணி என்று வகுத்தோம். மணிக்கு 7.19 டாலர் வந்தது. எங்கள் சர்வர்களுக்குத் தள்ளுபடி சுமார் 28%. ஆகவே 7.19-ஐ 0.72 ஆல் பெருக்கி, மணிக்கு 5.18 டாலர் கமிட் செய்தோம். (இந்தப் பெருக்கல் முக்கியம். கமிட் செய்யும் தொகை தள்ளுபடி போக உள்ள விலையில் எண்ணப்படுகிறது. 7.19 என்றே போட்டிருந்தால், கிட்டத்தட்ட 10 டாலர் ஆன்-டிமாண்ட் பயன்பாட்டுக்கு மாட்டிக்கொண்டிருப்போம்.)

மூன்று மாதம் கழித்து, கமிட் செய்த தொகையில் எவ்வளவு பயன்பட்டது என்று சொல்லும் யூடிலைசேஷன் அறிக்கை 88% காட்டியது. கணக்குப் பிரிவில் இருக்கும் நண்பர், "எண்பத்தெட்டு நல்ல நம்பர்தானே, அப்புறம் என்ன?" என்று கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். 28% தள்ளுபடி இருந்தால் 72% பயன்பட்டாலே முதல் தேறிவிடும். நாங்கள் அதற்கு நன்றாக மேலே இருந்தோம்.

பிறகுதான் மணிவாரியாக எடுத்துப் பார்த்தேன். எங்கள் பயன்பாட்டில் இரண்டு படிகள் இருந்தன. எப்போதும் ஓடும் அடித்தளம் மணிக்கு 6 டாலர். வார நாட்களில் பகல் பத்து மணி நேரம் மட்டும் 10 டாலர். வாரத்தின் 168 மணியில் அந்த உச்சம் 50 மணி, அதாவது 30%. சராசரி 7.19 வருகிறதே தவிர, எந்த ஒரு மணி நேரமும் 7.19-இல் ஓடவே இல்லை!

இப்போது 5.18 டாலர் கமிட்மென்ட்டை இரண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். முதல் 6 டாலர் பயன்பாட்டை மூடும் துண்டு எல்லா மணியிலும் உழைக்கிறது; மாதம் சுமார் 1,226 டாலர் மிச்சம். அதற்கு மேல் 1.19-ஐ மூடும் துண்டு 30% மணிகளில்தான் உழைக்கிறது. அதற்கு மணிக்கு 86 சென்ட் கட்டுகிறோம். ஆன்-டிமாண்டிலேயே விட்டிருந்தால் சராசரியாக 35 சென்ட்தான் ஆகியிருக்கும். மாதம் 367 டாலர் நஷ்டம். இரண்டும் கலந்து 859 டாலர் லாபம் என்று பில் சொல்கிறது. லாபம் என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. மொத்த யூடிலைசேஷனைப் பார்த்து ஏமாந்தது இங்கேதான். பார்க்க வேண்டியது கடைசியாகச் சேர்த்த டாலர் எத்தனை மணி உழைக்கிறது என்பதை.

இதிலிருந்து கிடைத்த விதி எளிமையானது. கமிட்மென்ட்டின் கடைசி டாலர் குறைந்தது 72% மணிகளில் பயன்பட வேண்டும். அப்படியென்றால் மணிவாரிச் செலவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, கீழிருந்து 28% தூரத்தில் நிற்கும் மதிப்பை எடுக்க வேண்டும். தள்ளுபடி எத்தனை சதவீதமோ, அதே சதவீத இடம். இப்போது விரிவான பில்லிங் அறிக்கையை மணிவாரியாகச் சேமித்து, ஏடபிள்யூஎஸ்-இன் வினவல் கருவியான அதீனாவில் இப்படிக் கேட்கிறேன்:

```sql
SELECT approx_percentile(od, 0.28) FROM (
  SELECT line_item_usage_start_date,
         SUM(pricing_public_on_demand_cost) AS od
  FROM cur
  WHERE line_item_usage_type LIKE '%BoxUsage%'
    AND line_item_line_item_type
        IN ('Usage', 'SavingsPlanCoveredUsage')
  GROUP BY 1)
```

`SavingsPlanCoveredUsage` வரிகளை விட்டுவிட்டால், ஏற்கெனவே பிளானில் ஓடும் சர்வர்கள் கணக்கிலிருந்து காணாமல் போய், அடித்தளம் சிறிதாகத் தெரியும். வந்த விடையை 0.72 ஆல் பெருக்கினால் அதுதான் கமிட் செய்யக்கூடிய உச்சவரம்பு. எங்களுக்கு 4.32 என்று வந்தது. வாங்கியதோ 5.18. தளத்திலேயே பரிந்துரைப் பக்கம் ஒன்று உண்டு. அது 7, 30 அல்லது 60 நாள் பயன்பாட்டைப் பார்த்துத்தான் சொல்கிறது. ஒரு மாதம் வீங்கியிருந்தது போன்ற கதையெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால்தான் ஆறு மாத பில்லையாவது நாமே ஒரு முறை படிக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொரு அடி எட்டாவது மாதத்தில் விழுந்தது. சர்வர்களை அமேசானே வடிவமைத்த கிராவிட்டான் சிப்புக்கு மாற்றினோம். நாங்கள் எடுத்தது கம்ப்யூட் சேவிங்ஸ் பிளான் என்பதால் சர்வர் குடும்பம் மாறினாலும் தள்ளுபடி கூடவே வந்தது. இன்னும் அதிகத் தள்ளுபடி தரும் ஈசி2 இன்ஸ்டன்ஸ் பிளானை எடுத்திருந்தால், அது பழைய குடும்பத்தோடும் ரீஜனோடும் கட்டுண்டு கிடந்திருக்கும். இதில் தப்பித்தோம். ஆனால் செலவே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டதே! அடித்தளம் 6-இலிருந்து 4.80 ஆனது. யூடிலைசேஷன் 77%க்கு இறங்கியது. மாத மிச்சம் 859-இலிருந்து சுமார் 245 டாலராகச் சுருங்கியது. இந்த மாற்றம் வரப்போகிறது என்று பொறியியல் குழுவுக்கு முன்பே தெரியும். பில்லைப் பார்த்த நான் அவர்களிடம் கேட்கவில்லை. பழைய பில்லில் அடுத்த ஆண்டின் திட்டம் எழுதியிருக்காது. சர்வர் அளவைக் குறைக்கும் வேலை, சிப் மாற்றும் வேலை எல்லாவற்றையும் முடித்த பிறகே கமிட் செய்வது என்பதில் இப்போது பிடிவாதமாக இருக்கிறேன்.

வாங்கிய பிறகு தவறு தெரிந்தால் திருப்பிக் கொடுக்க வழி உண்டு. மணிக்கு 100 டாலர் வரையிலான பிளானை, வாங்கி 7 நாளுக்குள், அதே காலண்டர் மாதத்துக்குள் திருப்பலாம். மாதக் கடைசியில் வாங்கினால் அந்த 7 நாள் சுருங்கிவிடும். நான் முதல் தேதிகளில் மட்டுமே வாங்குகிறேன்.

இந்த முறை மொத்தமாக வாங்கவில்லை. முதலில் மணிக்கு 2.40 டாலர். மூன்று மாதம் மணிவாரிக் கணக்கைப் பார்த்து, அடித்தளம் 4.80-இலேயே நிற்கிறது என்று உறுதியான பிறகு இன்னொரு 0.80. இரண்டும் சேர்ந்து 4.44 டாலர் பயன்பாட்டை மூடுகின்றன. மீதி அடித்தளத்தையும் பகல் உச்சத்தையும் ஆன்-டிமாண்டிலேயே விட்டிருக்கிறேன். ஏழு மாதமாக யூடிலைசேஷன் 100%. மூன்றாண்டுத் திட்டத்தில் தள்ளுபடி இன்னும் அதிகம்தான், ஆனால் ஓராண்டுக்குள் எங்கள் அடித்தளம் மாறியதைப் பார்த்த பிறகு அதைத் தொட மனம் வரவில்லை. 2.40 துண்டு ஐந்து மாதத்தில் முடிகிறது. அதற்கு முந்தைய வாரம் அதே வினவலை மறுபடி ஓட்டுவேன். இந்த முறை பொறியியல் குழுவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.