திருவிழாக் கூட்டத்தைத் தட்டை ஓவியமாக்க மூன்று வழிகள்: எது எங்கே தடுமாறுகிறது?

தெருத் திருவிழாப் புகைப்படம் ஒன்றை நாட்டுப்புற ஓவியம் போல மாற்ற வேண்டும் என்றால், பெரும்பாலோர் முதலில் கைவைப்பது நிறத்தில்தான். நிறங்களைக் குறை, நிழலை எடு, சுற்றிலும் கறுப்புக் கோடு போடு, அவ்வளவுதான் என்று தோன்றும். ஒரே படத்தை மூன்று வழிகளில் செய்து பார்த்த பிறகு எனக்குத் தெளிவானது வேறு. நிறத்தைத் தட்டையாக்குவது எளிது, இடத்தைத் தட்டையாக்குவதுதான் வேலை. கூட்டம் என்றாலே ஒருவரை ஒருவர் மறைத்து நிற்பது. நாட்டுப்புற ஓவியத்திலோ யாரும் யாரையும் அதிகம் மறைப்பதில்லை. மூன்று வழிகளையும் இந்த ஒரு அளவுகோலை வைத்தே பார்க்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட படம் இது. தெருவின் நடுவே நின்று, கண் உயரத்தில் எடுத்தது. நடுவில் முரசடிப்பவர்கள் நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் ஓர் அலங்கார வண்டி, இடப்பக்கம் கொடி பிடித்தவர், வலப்பக்கம் தோளில் குழந்தையைத் தூக்கிவைத்திருக்கும் ஒருவர், மேலே வண்ணக் காகிதத் தோரணங்கள். எண்ணிப் பார்த்தால் 58 தலைகள். அதில் தலை முதல் கால் வரை முழுதாகத் தெரிபவர்கள் 9 பேர் மட்டுமே. இந்த இரண்டு எண்களையும் எந்தப் படத்திலும் முதலில் எண்ணிவிடுங்கள். எந்த வழியில் போவது என்பதைப் பெரும்பாலும் அவையே சொல்லிவிடும்.

முதல் வழி, மென்பொருளையே செய்ய விடுவது. கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் நிறத்தைக் குறைத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் Path > Trace Bitmap கொடுத்து வடிவங்களாக மாற்றுவது. இதில் பலரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. Posterize கருவியில் 3 என்று கொடுத்தால் மூன்று நிறம் வரும் என்று நினைத்துவிடுகிறோம். அது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை தருகிறது, ஆக 27 நிறம் வரை வரலாம். எட்டு நிறம்தான் வேண்டும் என்றால் Image > Mode > Indexed போய் எட்டு என்று கொடுத்து, புள்ளிகளால் நிறம் கலக்கும் dithering வசதியை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் படம் முழுக்கப் பொடிப்புள்ளி விழும், அடுத்து வரும் Trace Bitmap அந்தப் புள்ளி ஒவ்வொன்றையும் தனி வடிவமாக வெட்டும்.

இவ்வளவும் இருபது நிமிட வேலை. தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகவே இருக்கும். கிட்டே போனால்தான் தெரியும். மென்பொருளுக்கு ஆள் யார், நிழல் எது என்று தெரியாது, நிறம் மாறும் இடம் மட்டுமே தெரியும். பக்கவாட்டு வெயில் விழுந்த முகம் இரண்டு துண்டாகிறது. வெளிச்சத்தில் நிற்பவரின் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவும், நிழலில் நிற்பவரின் வெள்ளைச் சட்டை தார்ச்சாலையின் சாம்பலாகவும் ஆகிறது. அதே நிற உடையில் ஒட்டி நிற்கும் இருவர் இரண்டு தலை முளைத்த ஒரே உடலாகிவிடுகிறார்கள். என் படத்தில் முரசடிப்பவர்கள் நால்வரும் ஒரே சீருடை. விளைவு, நான்கு தலையுள்ள ஒரு சிவப்புத் திட்டு.

முன்கூட்டியே நிழலை வெளிச்சமாக்கி, Median Blur கொடுத்து, Trace Bitmap பெட்டியில் Speckles அளவைக் கூட்டினால் பொடித் துண்டுகள் குறையும். ஒட்டிப்போன உடல்கள் பிரியாது. இது சரியாக வந்திருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை: நிறங்களை எல்லாம் நீக்கிவிட்டு வெறும் கோட்டை மட்டும் பாருங்கள். கோட்டை வைத்து ஆட்களை எண்ண முடிந்தால் அது ஓவியம். நில வரைபடம் போலத் தெரிந்தால் அது நிறம் குறைத்த புகைப்படம்தான். என்னுடையது வரைபடமாகத்தான் இருந்தது.

இரண்டாவது வழி, புகைப்படத்தைக் கீழே ஓர் அடுக்காக வைத்து, மேலே கையால் ஒவ்வொரு ஆளாகக் கோடு இழுப்பது. இதில் நிழல் சிக்கல் அடியோடு போய்விடும், ஏனென்றால் எது உடல், எது நிழல் என்பதை வரைபவர் முடிவு செய்கிறார். சட்டைக்கு ஒரு நிறம், முகத்துக்கு ஒரு நிறம், சுற்றிலும் ஒரே தடிமனில் கோடு. முகச்சாயலும் கிடைக்கும். தெரிந்தவர்கள் படத்தில் இருந்தால், அவர்கள் தங்களையே அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்றால், இதை விட்டால் வேறு வழியில்லை.

ஆனால் ஆறு மணி நேரம் உட்கார்ந்து வரைந்து முடித்தபின்னும் படம் நாட்டுப்புற ஓவியம் போல இல்லை, சிறுவர் பத்திரிகைப் படம் போல இருந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சமதளத்தில் நின்று கண் உயரத்தில் படம் எடுத்தால், ஏறக்குறைய நம் உயரமுள்ள எல்லோருடைய கண்களும், அருகில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும், ஒரே கிடைக்கோட்டில்தான் விழும். அதுதான் அடிவானக் கோடு. தலைகள் ஒரே வரிசையில் நெருக்கியடிக்க, தூரம் போகப் போகக் கால்கள் மட்டும் மேலேறும், உருவம் சுருங்கும். என் படத்தில் முன்னால் நிற்பவர் 900 பிக்சல் உயரம், வண்டிக்குப் பின்னால் நிற்பவர் 60 பிக்சல். ஒரே தடிமனில் கோடு போட்டால் அந்த 60 பிக்சல் ஆள் கறுப்புக் கட்டியாகிவிடுகிறார். கோட்டை மெலிதாக்கினால் ஆழம் திரும்ப வந்துவிடுகிறது. எந்தப் பக்கம் போனாலும் புகைப்படத்தின் பார்வைக்கோணம் விடாமல் பின்னால் வருகிறது.

அதனால்தான் இந்த வழிக்கு மாடியிலிருந்து எடுத்த படம் நன்றாக ஒத்துழைக்கிறது. உயரத்திலிருந்து பார்க்கும்போது தலைகள் ஒரே கோட்டில் ஒட்டாமல் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. பாதிச் சிக்கல் கேமராவிலேயே தீர்ந்துவிடும். மாடிப் படமும், இருபதுக்குள் ஆட்களும் இருந்தால் நான் இரண்டாவது வழியோடு நின்றுவிடுவேன்.

மூன்றாவது வழியில் புகைப்படத்தை வரைய மாட்டோம், படிப்போம். யார் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், கையில் என்ன, உடை என்ன நிறம் என்று குறித்துக்கொண்டு, அவர்களைப் புதிதாக வரிசைகளில் அடுக்குவது. நாட்டுப்புற ஓவியர்கள் கூட்டத்தைக் காட்டுவது பெரும்பாலும் இப்படித்தான். ராஜஸ்தானின் ஃபட் துணி ஓவியங்களில் உருவத்தின் அளவு தூரத்தைப் பொறுத்ததல்ல, கதையில் அவருக்குள்ள மதிப்பைப் பொறுத்தது. உருவங்கள் பார்ப்பவரை நோக்காமல் ஒன்றையொன்று நோக்கி நிற்கும். கூட்டப் படத்துக்கு இந்த இரண்டு விதிகளும் அப்படியே பொருந்துகின்றன.

நான் செய்த கணக்கு இது. 3600-க்கு 2400 பிக்சல் பரப்பை, 800 பிக்சல் உயரமுள்ள மூன்று கிடைப்பட்டைகளாகப் பிரித்தேன். ஒவ்வொரு பட்டையின் அடியிலும் பாதக்கோடு. சாதாரண உருவம் 500 பிக்சல் உயரம், முரசடிப்பவர்களும் கொடி பிடித்தவரும் 700. நடுப்பட்டையில் முரசும் வண்டியும், கீழே எதிரெதிராக நடப்பவர்கள், மேலே வேடிக்கை பார்ப்பவர்கள். 58 பேரும் தேவைப்படவில்லை, 23 முழு உருவங்களே போதுமானதாக இருந்தன. ஒருவர் மற்றவரின் உடலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைக்கக்கூடாது, முகத்தையும் கையில் பிடித்திருக்கும் பொருளையும் மறைக்கவே கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்.

பொருள்களையும் இதே போலத் திருப்ப வேண்டும். புகைப்படத்தில் வண்டிச்சக்கரம் நீள்வட்டமாகத் தெரியும், இங்கே அது முழு வட்டம். முரசின் உடல் பக்கவாட்டிலிருந்து, ஆனால் அடிக்கும் தோல்முகம் நேராக, வட்டமாக. குறுகிக்கொண்டே போகும் தெரு ஒரு நேர்ப்பட்டை ஆகிவிடும். ஒரே ஒரு நீள்வட்டச் சக்கரம் மிஞ்சினாலும் அந்த இடத்தில் மட்டும் தாளில் ஓட்டை விழுந்தது போல ஆழம் எட்டிப்பார்க்கும்.

இந்த வழியின் பலவீனம் நெருக்கம் குறைவது. எல்லோரையும் பிரித்து நிற்க வைத்தால் கூட்டம் அணிவகுப்பாகிவிடுகிறது. மேல்பட்டையில் வேடிக்கை பார்ப்பவர்களுக்குப் பின்னால், உடல் இல்லாமல் வெறும் தலைகளை இரண்டு வரிசை மீன்செதில் போல அடுக்கியபோதுதான் திருவிழா இரைச்சல் திரும்ப வந்தது. மிச்சமிருந்த வெற்றிடங்களில் தோரணமும் சிறு பூக்களும். இன்னொரு ஆபத்து, நேரம் மிச்சம் பிடிக்க ஒரே உருவத்தைப் பலமுறை நகலெடுப்பது. இங்க்ஸ்கேப்பில் Alt+D கொடுத்து எடுக்கும் நகல், மூலத்தைத் திருத்தும்போது தானும் திருந்தும் என்பதால் வசதிதான். ஆனால் ஒரே நிலையில் நிற்கும் இருவர் அடுத்தடுத்து வந்தால் ரப்பர் முத்திரை குத்தியது போலாகிவிடும். 23 பேருக்கு 11 நிலைகள் வரைந்தேன், ஒரே நிலை ஒரே பட்டையில் இரண்டுமுறை வராமல் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு மாலை நேரங்கள் பிடித்தன. மூன்றில் இதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். கூட்டம் அடர்த்தியாக இருந்து, முழு உருவங்கள் குறைவாக இருக்கும் எந்தப் படத்துக்கும் இதுதான் சரி. முதல் வழியை நான் முற்றிலும் தூக்கிப்போடவில்லை. அந்த எட்டு நிறப் படத்திலிருந்துதான் என் நிறத்தட்டை எடுத்தேன், அதனால் ஓவியத்திலும் அந்த நாளின் மஞ்சள் வெயில் தங்கியது.

இரண்டாவது வழியிலிருந்தும் ஒருவரைக் கடன் வாங்கினேன், தோளில் குழந்தையோடு நின்றவரை. அவருடைய சாயல் எனக்கு வேண்டும். ஆனால் புகைப்படத்து உடல் ஏறத்தாழ ஏழு தலை உயரம், நான் வரைந்த உருவங்களோ ஐந்து தலை உயரம். அப்படியே வைத்தபோது அவர் மட்டும் வேறு படத்திலிருந்து வந்தவர் போல நின்றார். தலையை 1.4 மடங்கு பெரிதாக்கி, கூடிய அளவைக் கால்களில் குறைத்து, முகத்தைப் பக்கவாட்டாகத் திருப்பி முரசை நோக்க வைத்தேன். குழந்தைக்கும் அதே கணக்கு. கடைசியாக எல்லோருக்கும் ஒரே தடிமனில் கறுப்புக் கோடு போட்டேன். புகைப்படத்தில் யாரோ ஒருவரின் தொப்பிக்குப் பின்னால் பாதி மறைந்திருந்த குழந்தையின் கை இப்போது முழுதாகத் தெரிகிறது, தோரணத்தைத் தொட நீட்டியபடி.