குண்டு பல்பு டெமோவை நம்பி பிஎஸ்5-க்கு யுபிஎஸ் வாங்காதீர்கள்

மதுரையில் ஒரு கடையில் கல்லூரி படிக்கும் தம்பி ஒருவருக்கு விற்ற சரக்கைப் பற்றியது இந்த எச்சரிக்கை. பில்லில் இரண்டே ஐட்டம்: 600 விஏ யுபிஎஸ் 3,200 ரூபாய், "சர்ஜ் புரொடக்டர்" 750 ரூபாய். பிஎஸ்5, 43 இன்ச் டிவி, நெட் மோடம் மூன்றும் கரண்ட் போனாலும் ஒரு மணி நேரம் ஓடும் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்கள். கடையிலேயே ஒரு 60 வாட் குண்டு பல்பை மாட்டி, பிளக்கைப் பிடுங்கிக் காட்டினார்களாம். பல்பு அணையாமல் எரிந்தது. வீட்டுக்கு வந்து முதல் மின்வெட்டில் யுபிஎஸ் "டிக்" என்றது, இரண்டு முறை பீப் அடித்தது, எல்லாம் அணைந்துவிட்டது.

திருப்பிக் கொண்டுபோனதற்குக் கடைக்காரர் சொன்ன பதில்: "தம்பி, உங்க கேம் மெஷின் ஓவர்லோடு இழுக்குது. யுபிஎஸ் நல்லாத்தான் இருக்கு, இந்தா பாருங்க." மறுபடியும் அதே 60 வாட் பல்பு.

ஓவர்லோடு என்பது பொய். 600 விஏ என்றால் 600 வாட் இல்லை. இந்த ரகத்தில் பெரும்பாலும் 360 வாட்தான், பின்பக்க ஸ்டிக்கரிலேயே பொடி எழுத்தில் இருக்கும். பிஎஸ்5 கனமான கேமில் சுமார் 200 வாட் இழுக்கும், டிவி 80, மோடம் 10. மொத்தம் 290. அதாவது 360-க்கு உள்ளேதான் இருந்தது. அப்படியானால் ஏன் அணைந்தது?

பேட்டரிதான் காரணம். உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று. 290 வாட் கொடுக்க, யுபிஎஸ்ஸின் இழப்பையும் சேர்த்து, அது கிட்டத்தட்ட 28 ஆம்பியர் தள்ள வேண்டும். 60 வாட் பல்புக்கு 6 ஆம்பியர் போதும். பழைய பேட்டரி 6 ஆம்பியரைச் சமாளித்துவிடும். 28 கேட்டால் வோல்டேஜ் சட்டென்று 10-க்குக் கீழே விழும், "பேட்டரி காலி" என்று யுபிஎஸ் தானே கட் செய்துகொள்ளும். இந்த யுபிஎஸ்ஸில் அதுதான் நடந்தது. ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றிய பிறகு லோடு இல்லாமல் மீட்டர் 12.9 வோல்ட் காட்டியது, பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. லோடு ஏறியதும் சில விநாடிகளில் 9.8. பேட்டரியின் மேல் அச்சடித்த தேதி இரண்டரை வருடம் பழையது. லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏற்றாமல் அலமாரியில் கிடந்தாலே உள்ளே சல்பேட் படிந்து செத்துப்போகும், அதிலும் நம்ம ஊர் சித்திரை வெயில் அடிக்கும் குடோனில் இன்னும் சீக்கிரம். டப்பா புதுசு, பேட்டரி கிழவன்.

சரி, புது பேட்டரியே இருந்திருந்தால்? 12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84 வாட்-ஹவர். ஆனால் அது மெதுவாக 20 மணி நேரத்தில் இறக்கினால் கிடைக்கும் கணக்கு. 28 ஆம்பியரில் உறிஞ்சினால் பாதிகூடத் தேறாது. ஐந்து நிமிடம், கூடிப்போனால் ஆறு. ஒரு மணி நேரம் என்று சொன்னவர் மோடத்தை மட்டும் நினைத்துச் சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிடமும் வீண் இல்லை: கேமை சேவ் செய்து மெஷினை முழுதாக ஆஃப் செய்ய அது தாராளம். ரெஸ்ட் மோடில் விடக்கூடாது. அப்போது கரண்ட் போனாலும் "சரியாக அணைக்கவில்லை" என்ற திட்டுதான் திரையில் வரும். கால் மணி நேரம் ஓட வேண்டுமென்றால் இரண்டு பேட்டரி போட்ட 1000 அல்லது 1100 விஏ ரகத்துக்குப் போங்கள்.

வாங்கும்போது கடையில் இப்படிச் சோதியுங்கள். 100 வாட் குண்டு பல்பு மூன்று, ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு. கரண்ட் இருக்கும்போதே மூன்றையும் எரியவிட்டு, அப்புறம் சுவர் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். குளிர்ந்த பல்பு போட்டவுடன் பல மடங்கு இழுக்கும் என்பதால் இந்த வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால் நல்ல யுபிஎஸ்ஸும் தடுமாறும். முழு சார்ஜில் மூன்று நிமிடம்கூடத் தாங்காவிட்டால் வேண்டாம். சார்ஜ் இல்லை என்று சாக்கு சொன்னால், ஏற்றி வையுங்கள், நாளைக்கு வருகிறேன் என்று கிளம்புங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பெரிய பேட்டரி போட்ட சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் இந்தச் செலவே வேண்டியதில்லை. அதில் சாதா மோடு, யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சாதா மோடில் மாறுவதற்கு 40 மில்லி விநாடிவரை ஆகலாம், அதற்குள் கன்சோல் அணைந்து ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் மோடில் 10 மில்லி விநாடி அளவுதான், அதைக் கன்சோலின் பவர் சப்ளை தாங்கிவிடும்.

இனி அந்த 750 ரூபாய் சமாசாரம். திருகுகளைக் கழற்றிப் பார்த்ததில் உள்ளே மூன்று பித்தளைப் பட்டை, ஒரு சுவிட்ச், ஒரு சிவப்பு எல்இடி. அவ்வளவுதான். 150 ரூபாய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு ஸ்டிக்கர் ஒட்டி விற்றிருக்கிறார்கள். உண்மையான சர்ஜ் புரொடக்டரில் நாணயம் போல வட்டமாக, பெரும்பாலும் நீல நிறத்தில், திடீரென்று எகிறும் வோல்டேஜை உறிஞ்சும் வேரிஸ்டர் இருக்கும். மேலே 14D471K, 20D471K என்பதுபோல் அச்சடித்திருக்கும். 14, 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம், பெரியது கூடுதலாகத் தாங்கும். பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் என்று மூன்று இருந்தால் நல்ல சரக்கு. எர்த் குழி வெறும் அலங்காரமாக இருக்கும் பழைய வீடுகளில் அதில் இரண்டு வேலையே செய்யாது. மீட்டரை பேஸுக்கும் எர்த்துக்கும் வையுங்கள். பேஸ்-நியூட்ரலில் காட்டும் அளவை ஒட்டி வராவிட்டால் முதலில் எர்த்தைச் சரிசெய்ய வேண்டும்.

எர்த் சரியாக இருந்தாலும், எவ்வளவு நல்ல வேரிஸ்டரும் ஒரு விஷயத்தில் கைவிரித்துவிடும். அது மைக்ரோ விநாடிகளில் வந்து போகும் வோல்டேஜ் எகிறலுக்குத்தான். ஆடிக் காற்றில் தெரு லைனில் நியூட்ரல் அறுந்தால் உங்கள் வீட்டுக்கு 230-க்குப் பதில் 300, 350, சில நேரம் 400-ஐ ஒட்டிக்கூட நிமிடக்கணக்கில் வரும். அப்போது வேரிஸ்டரே சூடாகிக் கருகும், பின்னாலேயே கன்சோலும் போகும். கன்சோல் சாவதற்கு மின்வெட்டைவிட இதுதான் பெரிய காரணம், கடையில் இதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. இதற்கு வேண்டியது மெயின் போர்டில் எம்சிபி பக்கத்தில் மாட்டும் ஓவர்-அண்டர் வோல்டேஜ் கட்-ஆஃப். எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். மேல் வரம்பு 265, கீழ் வரம்பு 170, கரண்ட் திரும்பிய பின் ஒரு நிமிட தாமதம் என்று செட் செய்தால் போதும். ஃபேன் திடீரென்று பேய்வேகத்தில் சுற்றினாலோ, மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் ஒரு அறை லைட் கண்ணைக் கூசி இன்னொன்று மங்கினாலோ அது நியூட்ரல் கோளாறு. உடனே மெயினை இறக்கிவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள்.

அந்தத் தம்பிக்கு பேட்டரியை மட்டும் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் இப்போது இறங்கி வந்திருக்கிறார், ஸ்டிக்கர் பாக்ஸுக்கு ஒன்றும் இல்லையாம். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை வழக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் தம்பியின் பில்லில் "யுபிஎஸ் 1, சர்ஜ் 1" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. நீங்கள் வாங்கினால் வாட் எவ்வளவு, பேட்டரி தயாரான மாதம், பேட்டரிக்குத் தனி வாரண்டி எத்தனை மாதம், பேக்கப் எத்தனை நிமிடம் என்று சொன்னதை எல்லாம் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.