ஐம்பத்தெட்டுப் பதிவு, முப்பத்துநான்கு டிக்கெட்: பக் பாஷைத் தொடர்ந்து நடத்தினால் தெரியவருபவை

லாஞ்சுக்கு முன் ஒன்றரை மணி நேரம் மற்ற வேலைகளை ஓரங்கட்டிவிட்டு, டெவலப்பர், டெஸ்டர், டிசைனர், வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் என எல்லோரும் ஒரே பில்டை, அதாவது சோதிக்கக் கட்டிய ஒரே பதிப்பை, போட்டு உலுக்கிப் பார்ப்பதுதான் பக் பாஷ். முதல் தடவை நடத்துகிறவர்கள் எத்தனை பிழை சிக்கியது என்று எண்ணுவார்கள். நாலைந்து வெளியீடுகளுக்குத் தொடர்ந்து நடத்தினால் எண்ணிக்கை மீதான மோகம் போய்விடும். சிக்கிய பிழைகளில் எத்தனைக்கு ஓர் ஆள் பெயரும் ஒரு முடிவும் கிடைத்தன என்பதுதான் அப்புறம் கேட்கப்படும் கேள்வி. அந்த இடத்தில்தான் பெரும்பாலான பக் பாஷ்கள் தோற்கின்றன. எனவே இந்த மதிப்பீடு பெரும்பகுதி அதைப் பற்றியே.

முதலில் நாள் குறிப்பது. லாஞ்சுக்கு ஏழிலிருந்து பத்து வேலை நாள் முன்னால் வைப்பது சரியாக அமைகிறது. திருத்த மூன்று நான்கு நாள், மறுசோதனைக்கு இரண்டு நாள், மொபைல் செயலி என்றால் ஸ்டோர் பரிசீலனைக்குக் கொஞ்சம் இடைவெளி எனக் கூட்டினால் அவ்வளவு தேவைப்படும். இரண்டு நாள் முன்னால் வைத்தால், எதைக் கண்டுபிடித்தாலும் 'பிறகு பார்க்கலாம்' பட்டியலுக்குத்தான் போகும். மூன்று வாரம் முன்னால் வைத்தால் வரும் புகாரில் பாதி, இன்னும் கட்டி முடிக்காத பகுதியைப் பற்றியதாக இருக்கும்.

தயாரிப்பில் அதிகம் சறுக்குவது கணக்கு விஷயம். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரே டெஸ்ட் கணக்கைக் கொடுத்தால், ஒருவர் அழித்ததை இன்னொருவர் 'தானாகக் காணாமல் போனது' என்று எழுதுவார். அந்தப் பொய்ப் பிழையைத் துரத்த ஒரு டெவலப்பருக்கு அரை நாள் போகும். ஆளுக்கு ஒரு கணக்கு, அதில் முன்கூட்டியே போட்ட தரவு, முந்தைய நாளே ஒருவர் உள்ளே நுழைந்து பார்த்த உறுதி ஆகிய மூன்றும் இல்லையென்றால் முதல் இருபது நிமிடம் கடவுச்சொல் கேட்பதிலேயே கரையும். பாஷ் நடக்கும்போது ஸ்டேஜிங்கில், அதாவது எல்லோரும் சோதிக்கும் அந்த ஒத்திகைச் சர்வரில், புது பில்ட் ஏற்றக் கூடாது. ஏற்றினால், எந்தப் புகார் எந்த பில்டைப் பற்றியது என்பதைப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

ஆட்களை 'எங்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள்' என்று விட்டால் எல்லோரும் லாகின் பக்கத்தில் கூடிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு பாதையும் ஒரு சாதனமும் ஒரு குறும்பும் ஒதுக்குவது பலன் தருகிறது. ஒருவர் பழைய ஆண்ட்ராய்டில் மெதுவான இணையத்தோடு பதிவு செய்வார். இன்னொருவர் பாதியில் செயலியை மூடித் திறப்பார். மூன்றாமவர் போனின் நேர மண்டலத்தை மாற்றிவைப்பார். பத்து நிமிடம் விளக்கம், அறுபது நிமிடம் தேடல், கடைசி இருபது நிமிடம் எழுதியதைச் சரிபார்த்தல் போதும். அதற்கு மேல் நீட்டினால் வருவது பெரும்பாலும் எழுத்து அளவும் நிறமும்தான். அதிகப் பிழை எழுதியவருக்குப் பரிசு என்று அறிவித்தாலும் அதே கதி. ஒரே பிழையை ஐந்தாகப் பிட்டு எழுதுவார்கள்.

அடுத்து, பதிவுகளை எங்கே வாங்குவது. பிழைக்கு ஒரு டிக்கெட் என்று பதிந்து பின்தொடர உதவும் ஜிராவிலோ கிட்ஹப்பிலோ நேராக டிக்கெட் திறக்கச் சொல்வதைவிட, முதலில் ஒரு பொதுத் தாளில் வாங்குவதே நீண்ட நாள் உழைப்பில் நின்றது. டிக்கெட் கருவிக்குப் பழகாதவர் அதிலுள்ள கட்டங்களைப் பார்த்துத் தயங்கி, கண்டதில் பாதியை எழுதாமலே விடுவார். தாளில் ஆறு பத்தி போதும்: என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், சாதனம், பில்ட் எண், நடந்த நேரம். அந்தக் கடைசிப் பத்தியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நிமிடத் துல்லியமாக நேரம் இருந்தால்தான் சர்வர் தனக்கு வரும் கோரிக்கைகளைக் குறித்துவைக்கும் லாகில் அந்தக் கோரிக்கையைத் தேடி எடுக்க முடியும். படமோ சிறு வீடியோவோ கூடவே வர வேண்டும். ஒருவர் தேடலில் இறங்காமல் தாளை மட்டும் பார்த்துக்கொண்டு, 'பில்ட் எண் எங்கே, இதை மறுபடி செய்ய முடிகிறதா' என்று அங்கேயே கேட்பது அவசியம். மறுநாள் கேட்டால் எழுதியவருக்கே நினைவிருக்காது.

இனி ட்ரையாஜ், அதாவது வந்த பதிவுகளைச் சலித்து, தரம் பிரித்து, ஆளுக்கு ஒப்படைப்பது. இதை ஓர் உதாரணத்தோடு பார்ப்பது நல்லது. சந்திப்பு நேரம் பதிவு செய்யும் ஒரு செயலி, பன்னிரண்டு பேர், தாளில் 58 பதிவுகள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையிலேயே மூன்று பேர் உட்கார வேண்டும்: லாஞ்சுக்குப் பொறுப்பானவர், தொழில்நுட்பத் தலைவர், டெஸ்டர். முதல் சுற்றில் கேள்விகளையும் யோசனைகளையும் ஒதுக்கினால் 9 போகும். மீதி 49இல் ஒன்றையே சொல்பவற்றைச் சேர்த்தால் இன்னும் 15 குறைந்து 34 டிக்கெட் நிற்கும். சேர்க்கும் வேலை எளிதாகத் தெரியும். பிசகுவதும் அங்கேதான், ஏனென்றால் தலைப்பைப் பார்த்துச் சேர்ப்பார்கள்.

இந்த மூன்று பதிவுகளைப் பாருங்கள். 'பட்டியலில் ஒரே பதிவு இரண்டு முறை தெரிகிறது.' 'உறுதி மின்னஞ்சல் இரண்டு வந்தது.' 'பிழைச் செய்தி வந்தது, பின்னால் போய்ப் பார்த்தால் நான் தேர்ந்தெடுத்த நேரத்தை யாரோ எடுத்துவிட்டார்கள்.' தலைப்பில் மூன்றும் வேறு. லாகைத் திறந்தால், மூன்றிலும் ஒரே பயனரிடமிருந்து ஒரே நேரத்துக்கான பதிவுக் கோரிக்கை சர்வருக்குப் போயிருக்கும். முதல் இரண்டில் சில நொடி இடைவெளியில் இரண்டு. மெதுவான இணையத்தில் பொத்தானை மறுபடி அழுத்தியிருக்கிறார்கள். மூன்றாமவருக்குக் கோரிக்கை நிறைவேறிவிட்டது, பதில்தான் திரும்பி வரவில்லை. அவர் நேரத்தை எடுத்த அந்த 'யாரோ' அவரேதான்.

காரணத்தோடு பார்ப்பதால் திருத்தமும் மாறுகிறது. முதல் புகாரை மட்டும் வைத்துக்கொண்டால், அழுத்தியதும் பொத்தானை முடக்கிவிட்டு டிக்கெட்டை மூடுவார்கள். டேட்டாபேஸில் இரட்டைப் பதிவைத் தடுக்கும் விதி போட்டாலும் மூன்றாமவர் நிலை மாறாது. மறுபடி முயன்றால் 'இந்த நேரம் நிரம்பிவிட்டது' என்ற பதில்தான் வரும். ஒவ்வொரு பதிவு முயற்சிக்கும் செயலி ஒரு தனி அடையாள எண்ணை அனுப்ப வேண்டும்; அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாக எதுவும் செய்யாமல் முதல் விடையையே திருப்பித் தர வேண்டும். ஆகவே இது இரண்டு டிக்கெட்: சர்வர் பக்கம் ஒன்று, செயலி பக்கம் ஒன்று, இரண்டுக்கும் இணைப்பு, இரண்டுக்கும் தனித்தனி உரிமையாளர்.

எதிர்ப்பக்கக் கூத்தும் உண்டு. 'நேரம் தவறாகக் காட்டுகிறது' என்று இரண்டு பேர் எழுதியிருப்பார்கள். வார்த்தை ஒன்றே என்பதால் ஒன்றாகச் சேர்க்கத் தோன்றும். ஒருவருடையது, மின்னஞ்சலில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் சர்வரின் யுடிசி என்ற உலகப் பொது நேரம் அப்படியே போனது. மற்றவருடையது, நேரத்தை மாற்றிய பிறகும் பட்டியல் பழைய தரவையே காட்டியது. சேர்த்துவிட்டால் ஒன்றைத் திருத்தி டிக்கெட்டை மூடுவார்கள், மற்றது பயனர் கைக்குப் போய்விடும். ஒரே திருத்தம் இரண்டையும் போக்குமா என்று தொழில்நுட்பத் தலைவரைக் கேட்டு, ஆமாம் என்றால் மட்டும் சேர்ப்பதுதான் பாதுகாப்பு. சந்தேகமென்றால் பிரித்தே வையுங்கள்.

தரம் பிரிக்க நான்கு நிலை போதும். தரவு, பணம், பாதுகாப்பு கெடுவது நிலை 1. முக்கியப் பாதை அடைபட்டு மாற்று வழியே இல்லாதது நிலை 2. மாற்று வழி உள்ளது நிலை 3. பார்வைக்கு மட்டும் குறை நிலை 4. ஆனால் இந்த நிலையும், லாஞ்சுக்கு முன் திருத்த வேண்டுமா என்ற முடிவும் இரண்டு தனிக் கட்டங்களாக இருக்க வேண்டும். நிலையை டெஸ்டர் சொல்வார். முடிவை லாஞ்சுக்குப் பொறுப்பானவர் எடுப்பார். நம் உதாரணத்தில் நிலை 1இல் 3, நிலை 2இல் 6, நிலை 3இல் 14, நிலை 4இல் 11 என்று வைப்போம். நிலை 1 மூன்றும் கட்டாயம். நிலை 2இல் நான்கு மட்டும் உடனே. மற்ற இரண்டும் லாஞ்ச் அன்று அணைத்தே வைக்கப்போகும் வசதியில் உள்ளவை. நிலை 4இல் ஒன்று மட்டும் கட்டாயப் பட்டியலுக்கு ஏறும், ஏனென்றால் முதல் திரையில் செயலியின் பெயரிலேயே எழுத்துப்பிழை. ஆக எட்டு. ஒரே கட்டமாக வைத்திருந்தால், இந்த எழுத்துப்பிழையை மேலே கொண்டுவர யாராவது அதை நிலை 1 என்று பொய்யாகக் குறித்திருப்பார்கள். மெல்ல மெல்ல எல்லாமே நிலை 1 ஆகிவிடும்.

உரிமையாளர் கட்டத்தில் 'பேக்கெண்ட் டீம்' என்று எழுதினால் அது யாருக்கும் சொந்தமில்லாத டிக்கெட். ஒரு மனிதரின் பெயர் வேண்டும். அவரே திருத்த வேண்டும் என்பதில்லை. யார் திருத்துவது என்று இரண்டு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டியவர் அவர். கூட்டத்தில் இல்லாதவர் பெயரைப் போட்டுவிட்டு எழுந்துவிடாமல், அன்றே அவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். டிக்கெட்டுக்கு இரண்டு நிமிடம் கணக்கு. அதைத் தாண்டி விவாதம் போனால், விசாரித்துச் சொல்ல ஒருவரைக் குறித்துவிட்டு நகர வேண்டும். முப்பத்துநான்குக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பாஷ் டிக்கெட் எல்லாவற்றுக்கும் bugbash-1 என்ற லேபிள் போட்டிருந்தால், கூட்டம் முடிவதற்குள் ஜிராவில், உரிமையாளர் இல்லாதவற்றைக் கேட்கும் இந்தத் தேடல் வெறுமையாகத் திரும்ப வேண்டும்:

```
labels = bugbash-1 AND statusCategory != Done AND assignee is EMPTY
```

மீதி 26ஐ என்ன செய்வது என்பதில்தான் அதிக மனத்தாங்கல் வரும். எல்லாவற்றையும் 'பிறகு' என்று தள்ளினால் அந்தப் பட்டியல் சுடுகாடாகும். மூன்று வெளியீடுகளுக்குப் பிறகு அதை யாரும் திறக்க மாட்டார்கள். 12க்கு அடுத்த வெளியீட்டின் எண்ணைப் போட்டு, 14ஐ 'திருத்தப்போவதில்லை' என்று ஒரு வரிக் காரணத்தோடு மூடுவது நேர்மையானது. மூடியதை எழுதியவருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அடுத்த பாஷில் அவர் வந்து உட்காருவார், எதையும் எழுத மாட்டார்.

'மறுபடி நிகழவில்லை' என்று அவசரமாக மூடப்படும் டிக்கெட்டுகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். டெவலப்பரின் மேசையில் வேகமான இணையமும் புது போனும் இருக்கும்போது மேலே சொன்ன இரட்டைப் பதிவு நிகழவே நிகழாது. அதே சாதனம், அதே வேகம், அதே கணக்கு நிலையில் பார்த்தேன் என்று எழுதாமல் மூடக் கூடாது என்ற விதி உதவுகிறது. திருத்திய பிறகும், திருத்தியவர் அல்லாத ஒருவர் புது பில்டில் பார்த்து அந்த பில்ட் எண்ணை எழுதிய பின்னரே டிக்கெட் மூடப்பட வேண்டும். லாஞ்சுக்கு இரண்டு நாள் முன்னால், நான்கு பேர் அரை மணி நேரம் அந்த எட்டு டிக்கெட்டின் சுற்றுப்புறத்தை மட்டும் தட்டிப் பார்க்கும் சிறு பாஷ் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். திருத்தம் கிளப்பிவிடும் புதுப் பிழைகள் அங்கே சிக்கும்.

எவ்வளவு நன்றாக நடத்தினாலும் இதில் சிக்காதவை உண்டு. பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆயிரம் பேரின் சுமையை உண்டாக்க முடியாது. பல நாள் ஓடிய பிறகு நிறையும் நினைவகம் ஒரு மணி நேரத்தில் தெரியாது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தும்போது தரவு கெடுவதும், எல்லோருக்கும் புதுக் கணக்கே கொடுத்திருந்தால் தெரியாது. இதற்கு மட்டும் பாதித் தீர்வு உண்டு: இரண்டு பேருக்குப் பழைய பதிப்பை நிறுவி, அதில் பதிவுகள் போட்டுவைத்துவிட்டு, பாஷ் அன்று மேம்படுத்தச் சொல்லுங்கள்.